பெட்டகத்துக்குச் சொன்ன விலை

திருவள்ளூர் தேரடிப் பக்கம் துளசிராமனின் பழைய பாத்திரக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு தராசு தொங்கும். அதுதான் அடையாளம். பதினைந்து வருஷம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், ஓட்டை குடத்துக்கும் நசுங்கின தவலைக்கும் விலை பேசி அலைந்தவர், அறுபத்தாறாம் வருஷம்தான் அந்தச் சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்துக் கால் ஊன்றினார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. காலையில் வீரராகவப் பெருமாளைச் சேவிக்காமல் கடைக் கதவைத் திறக்க மாட்டார்.

அவருடைய கண்ணுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மரியாதை இருந்தது. பாத்திரத்தைக் கையில் வாங்கினதும் விளிம்பில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். வெண்கலமா பித்தளையா என்பதை நாதம் சொல்லிவிடும். அப்புறம் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அச்சில் வார்த்ததா, சம்மட்டியால் அடித்துத் தூக்கினதா, இல்லை மெஷினில் இழுத்த தகடா என்று அடி சொல்லிவிடும். மிச்சத்தைப் பச்சை பூத்த களிம்பு சொல்லும். உப்புப் போட்டுத் தேய்த்தால் போகிற களிம்பு நேற்று வந்தது. தேய்த்தும் சந்துகளில் ஒட்டிக்கொண்டு நிற்பது பாட்டன் காலத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம். பொருளைக் கொண்டுவருகிறவர்களிடம் அதன் கதையைக் கேட்கவே மாட்டார். "ஜமீன்ல குடுத்தது, வெள்ளக்காரன் வெச்சிருந்தது" என்று ஆரம்பித்தாலே கையைத் தூக்கித் தடுத்துவிடுவார்.

"ஆளு ஆயிரம் சொல்லுவாங்கம்மா. பித்தளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது சொல்றத நான் கேட்டுக்கறேன்" என்பார். அப்படிக் கேட்டே இருபத்தைந்து வருஷம் பிழைத்திருந்தார்.

சொத்துப் பிரிக்கும் வீடுகளுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டிப் பங்கு போட முடியாத பொருளுக்கு நடுவில் நிற்கும் வியாபாரி ஒரு விலை சொல்ல வேண்டும். பங்காளிகளில் ஒருவர் பொருளை எடுத்துக்கொண்டு, விலையில் மற்றவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவார். இரண்டு பேருமே வேண்டாம் என்றால், விலை சொன்னவரே அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நிற்கிறவன் ஒருவருக்குச் சாய்ந்து கூட்டியும் குறைத்தும் பேசாமல் இருக்க முன்னோர் போட்ட கட்டு அது. துளசிராமன் இருபது தடவையாவது விலை சொல்லியிருப்பார். ஒரு தடவைகூடப் பொருள் அவர் தலையில் விழுந்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடும் நிலமும் அதில் போன குடும்பம் ஒன்று. அண்ணன் அருணகிரி, தங்கை செங்கம்மாள். தங்கை புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்து ஆறு வருஷம். நிலத்துக்கு வந்த பணம் பழைய கடன்களோடு போயிற்று. பாத்திரம் பண்டம் எல்லாம் பிரித்தாகிவிட்டது. மிச்சம் நின்றது அவர்கள் அம்மா வைத்திருந்த ஒரு மரப் பெட்டகம்.

அந்த நேரத்தில் துளசிராமனுக்கே ஒரு நெருக்கடி. கடை இடத்தின் சொந்தக்காரர் இறந்துபோய், மகன் தேசப்பன் கைக்கு இடம் வந்திருந்தது. தேசப்பன் நல்ல பிள்ளைதான். "நீங்க இருக்கறதுல எனக்குச் சந்தோஷம்தாண்ணே. ஆனா ஆயிரம் ரூபா அட்வான்ஸ் வேணும். ஆடி முடியறதுக்குள்ள குடுத்துட்டா உங்களுக்குத்தான். இல்லாட்டி ஒரு சைக்கிள் கடைக்காரர் கேட்டுக்கினு இருக்காரு" என்று சொல்லிவிட்டான். துளசிராமனும் அவர் மனைவி கனகாம்பாளும் சேர்த்து வைத்ததை எல்லாம் திரட்டினால் ஆயிரத்து நாற்பது இருந்தது. அதை ஒரு சொம்பில் போட்டு, வாயைத் துணியால் கட்டிப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

பெட்டகத்தைப் பார்த்ததும் துளசிராமன் நேரே அதன் கிட்டே போனார். நாலு அடி நீளம். மூலைக்கு மூலை பித்தளைக் கட்டு. நடுவில் இதய வடிவில் ஒரு பூட்டுத் தகடு. பக்கங்களில் கனமான கைப்பிடிகள். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து தகடுகளை விரலால் தடவினார். எல்லாம் மணலில் வார்த்தது. ஓரங்களில் கையால் அரம் போட்ட கோடுகள். சந்துகளில் கல்லாகிப்போன களிம்பு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்த காலத்துப் பெட்டிகளில் இந்த மாதிரித் தகட்டை அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். மெட்ராஸ் தரகர்கள் அதற்குப் பறந்தார்கள்.

மரத்தை அவர் தெரிந்தவரைக்கும் பார்த்தார். தேக்குதான். அடிப்பலகையில் கரையான் தின்றிருந்தது. பூட்டு இல்லை. மூடியின் ஒரு கீல் பிற்காலத்தது. ரிப்பேருக்கு நூறு ரூபாய் ஆகும். பெட்டிக்கும் தகட்டின் வயசே இருந்தால் ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது. இல்லையென்றால் இருநூற்றைம்பதுகூடத் தேறாது. எது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

அப்போது செங்கம்மாள் ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் புடவையில் மூன்று இடத்தில் வேறு நிறத் துணி ஒட்டுப் போட்டிருந்தது.

"குடிங்கண்ணே. வெய்யில்ல வந்துக்கினு இருக்கீங்க" என்றாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மா வெச்சிருந்த பொட்டி. நானே எடுத்துக்கலாம்னுதான் இருக்கேன். ஒரு எரநூறு போடுங்க, ஆளுக்கு நூறு, முடிச்சிக்கலாம்" என்றான் அருணகிரி.

துளசிராமன் மோரைக் குடித்து முடித்தார். மனசு அந்த ஒட்டுப் புடவைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது என்பதை அவர் பின்னால் பெருமாளிடம் பல தடவை ஒப்புக்கொண்டார். ஆனாலும் தகட்டை நம்பித்தான் சொன்னார்.

"தொள்ளாயிரம்."

அருணகிரி அவரையே பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"எனக்கு வேணாம் பாத்திரக்காரரே. ஏம்மா, உனக்கு வேணுமா?"

"நானூத்தம்பதுக்கு நான் எங்க போவேன், போண்ணா" என்றாள் செங்கம்மாள்.

"அப்போ சரி. வழக்கப்படி நீங்களே எடுத்துக்குங்க. எட்டாம் நாள் பணம் கொண்டாங்க" என்றான் அருணகிரி. சுற்றி நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள்.

செங்கல் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பின ஒரு லாரியில் பெட்டகத்தை ஏற்றிக்கொண்டு துளசிராமன் ஊர் திரும்பினார். போகிற வழியெல்லாம் அவருக்குப் பெரிய கவலை இல்லை. தொள்ளாயிரத்துக்கு எடுத்ததை ஆயிரத்து இருநூறுக்குக் கொடுத்தால் அட்வான்ஸும் ஆயிற்று, கையிலும் ஏதோ மிஞ்சும். பெருமாளே வழி காட்டினார் என்றுகூட நினைத்தார்.

மறுநாள் அடிப்பலகை மாற்ற மோசஸை வரச்சொன்னார். மோசஸ் மர அறுவை மில்லில் வேலை பார்த்த தச்சன். வாயில் எந்நேரமும் பென்சில் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணாத்தே, இத்த எவ்ளோ பழசுன்னு எடுத்தீங்க?"

"நூத்தம்பது வருஷம் இருக்கும்."

மோசஸ் பென்சிலை எடுத்துக் காதில் செருகினான். "இங்க கையை வெச்சிப் பாருங்க. வளைவு வளைவா கோடு தெரியுதா? வட்டரம்பம். மெஷின் அறுப்பு. கையால அறுத்திருந்தா கோடு நேரா வரும். அப்புறம் இந்தா, அரக்கு வெச்சி மூடியிருக்கான் பாருங்க." உளியின் நுனியால் அரக்கைப் பெயர்த்தான். உள்ளே உருண்டைத் தலை கம்பி ஆணி மினுக்கியது. "முப்பது முப்பத்தஞ்சு வருஷப் பொட்டி. மரம் நல்ல மரம்தான். அரிசி கொட்டி வெச்சிக்கலாம்."

"தகடு பழசுடா மோசஸ். என் கண்ணு தப்பாது."

"தகடு பழசுதான், நான் இல்லன்னு சொல்லல. ஒண்ணக் கழட்டுங்க, தெரிஞ்சிடும்."

ஒரு மூலைத் தகட்டை மெல்ல நெம்பி எடுத்தார்கள். தகட்டில் எட்டுத் துளை இருந்தது. ஐந்தில்தான் ஆணி. மிச்ச மூன்று துளைக்கு நேர் கீழே மரத்தில் ஒரு ஊசிக்குத்துகூட இல்லை. அந்தத் தகடு இந்த மரத்துக்காகச் செய்தது இல்லை. எங்கோ வேறொரு பெட்டியில் இருந்து கழன்று வந்து இதில் உட்கார்ந்திருக்கிறது. நூறு வருஷம் தகடு மூடியிருந்தால் அடியில் மரம் வெளுத்து நிற்க வேண்டும். இங்கே உள்ளும் புறமும் ஒரே நிறம்.

துளசிராமன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பித்தளை பொய் சொல்லவில்லை. அது தன் வயசை மட்டும்தான் சொன்னது. மரத்தின் வயசையும் அதனிடமே கேட்டது அவர் தப்பு.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்காரவில்லை. கனகாம்பாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதறினாள்.

"இன்னும் பணம் குடுக்கலயே. போய், தப்பாச் சொல்லிட்டேன், எரநூத்தம்பதுதான்னு சொல்லிட்டு வாங்க. மனுசன் தப்பு பண்ணமாட்டானா? கடை போச்சின்னா மறுபடியும் சைக்கிளா? உங்க முட்டிய நெனைச்சிப் பாருங்க."

"சொல்றேன்" என்றார் துளசிராமன்.

ஏழாம் நாள் சொம்பிலிருந்து தொள்ளாயிரத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். கொடுக்கவா, விலையை மாற்றிச் சொல்லவா என்று அவருக்கே தெரியாமல்தான் கட்டிக்கொண்டார். பெரியபாளையம் வழியாகப் போய், கவரப்பேட்டையில் பஸ் மாறினார். வழியெல்லாம் உதட்டுக்குள் ஒரே வாக்கியம். "அம்மா, என் கண்ணு ஏமாந்து போச்சி."

பழைய வீட்டின் ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அருணகிரி புளியமரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். துளசிராமனைப் பார்த்ததும் கூலியாட்களுக்குக் கேட்காத தூரத்துக்கு அழைத்துப் போனான்.

"மூஞ்சப் பாத்தாலே தெரியுது. கழட்டிப் பாத்துட்டீங்களா?"

துளசிராமன் திடுக்கிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அது நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப நடந்தது. பழவேற்காட்டுல ஒரு ஓட்டைப் பொட்டிய எங்க நைனா அடுப்புக்கு வாங்கியாந்தாரு. ஒடைச்சி எரிச்சிட்டு, தகட்ட மட்டும் எடுத்து வெச்சிக்கினாரு. அப்புறம் யுத்த காலத்துல ஆசாரிய வெச்சிப் புதுப் பொட்டி செய்ஞ்சி அதும்மேல அடிச்சாரு. அம்மாவுக்கு அம்புட்டு சந்தோஷம். தங்கச்சி கைக்கொழந்த, அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"நீங்க கேக்கலியே!" என்று அருணகிரி வாய்விட்டுச் சிரித்தான். "ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, பாத்திரக்காரர் கத கேக்க மாட்டார்னு. நான் எரநூறுன்னு சொன்னதே அதுதான் அதோட வெலன்னு. நீங்க தொள்ளாயிரம்னீங்க. நான் இன்னா பண்றது? எனக்கும் மூணு பொண்ணுங்க இருக்கு."

அவனிடம் வன்மம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் துளசிராமனை இன்னும் அழுத்தியது. திட்டிவிட்டுப் போகலாம் என்றால் திட்ட ஆள் இல்லை. இருபத்தைந்து வருஷம் தானே தடுத்த கையை, தானே மூடிய காதைத்தான் திட்ட வேண்டும்.

"வெல மாத்தணும்னா மாத்திக்குங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று கையைக் காட்டினான் அருணகிரி.

வயல் தாண்டி, ரோட்டோரப் புறம்போக்கில் புதிதாக ஒரு குடிசை. மேலே ஆறு தகரத் தகடு வெய்யிலில் கண்ணைக் கூசவைத்தது. செங்கம்மாள் வாசலில் மண் குழைத்துச் சுவர் பூசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே. பாருங்க, உங்க வாக்குல எழும்பின ஊடு. தகரக் கடைக்காரன்கிட்ட எட்டாம் நாள் தரேன்னு சொல்லி எடுத்தாந்துட்டேன். அந்த ஊட்ட இடிக்கறாங்க, மழை வர்றதுக்குள்ள தலைக்கு மேல ஒண்ணு வேணுமில்ல? கம்பெனி வந்தா நாஷ்டா கடை போடலாம்னு எடத்தையும் ரோட்டு மேலயே பாத்துக்கினேன்."

துளசிராமன் உதட்டில் வந்துகொண்டிருந்த வாக்கியத்தைத் தேடினார். அது எங்கேயோ உள்ளே இறங்கிவிட்டிருந்தது. மடியிலிருந்து நானூற்றைம்பதை எடுத்து நீட்டினார்.

செங்கம்மாள் உடனே வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? பொட்டி அவ்ளோ பெறாதுன்னு ஊர்ல ஒண்ணு ரெண்டு பேர் சிரிக்கறாங்க. எங்க அண்ணனும் பூடகமா இன்னாவோ சொல்லுது. நீங்க என்னைப் பாத்துப் பாவப்பட்டு ஏத்திச் சொன்னீங்களா? நெசத்தச் சொல்லிடுங்க. அப்படின்னா எனக்கு இந்தப் பணம் வேணாம். தகரத்தப் பிரிச்சி இப்பவே கடையில போட்டுட்டு வந்துடுவேன். யார் தலையிலயும் நான் ஒக்காந்து சாப்புட மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். கடை மிஞ்சும். தகரம் இறங்கும்.

துளசிராமன் வாழ்நாளில் விலையில் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல நாக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

"நான் அன்னிக்குச் சொன்ன வெல, சொன்ன வெலதாம்மா. புடி" என்றார்.

அவள் முகம் தெளிந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அருணகிரி தன் பங்கை வாங்கும்போது சிரிக்கவில்லை. பஸ் ஏறுகிற இடம்வரைக்கும் கூடவே வந்தான்.

ஆடி அமாவாசைக்குக் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த கூட்டம் தேரடியில் நெரியும்போது, துளசிராமன் தராசை இறக்கிச் சாவியைத் தேசப்பனிடம் கொடுத்தார். தேசப்பன் வருத்தப்பட்டான். அடுத்த வாரம் அங்கே சைக்கிள் கடை வந்தது. பெட்டகம் அவர் குடியிருந்த ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொண்டது. அதைச் சுற்றிப் போக வழியில்லாமல் கனகாம்பாள் தினமும் முழங்காலில் இடித்துக்கொள்வாள். தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவாள். அதுவே அவருக்குத் தாங்காது.

சைக்கிளில் மறுபடியும் பழைய பாத்திரம் எடுக்கப் போனார். புரட்டாசியில் மெட்ராஸ் தரகர் துலுக்காணம் விஷயம் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். எழும்பூர்ப் பக்கம் பழம்பொருள் கடைகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கிற ஆள். தகடுகளைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"அண்ணாத்தே! இன்னா சாமான் இது! டச்சுக்காரன்து தானே? எழுநூறு தரேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லணும். வாங்கறவன் கேட்டா, மரமும் தகடும் ஒரே வயசுன்னு துளசிராமன் சொன்னாருன்னு நான் சொல்லிக்கலாமா? உன் பேரைச் சொன்னா போதும், அவன் கண்ண மூடிக்கினு எடுப்பான்."

"அது நான் சொல்ல முடியாது."

"அப்போ மரம் புதுசா? அதையாவது சொல்லு. எரநூறுக்கு எடுத்துக்கறேன். தகட்ட மட்டும் கழட்டி வித்துக்கறேன்."

துளசிராமன் பெட்டகத்தின் மூடியை இழுத்து மூடினார். மரம் புதிது என்று இவரிடம் சொன்னால் மறுவாரம் பெரியபாளையம் சந்தையில் பேச்சாகும். அங்கேயிருந்து கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை தூரம்? செங்கம்மாள் அன்றைக்கே தகரத்தின்மேல் ஏறிவிடுவாள். பழசு என்று சொன்னால் ஊர் பேர் தெரியாத ஒருவன் தன் பெயரை நம்பி ஏமாறுவான். வாயைத் திறந்தால் ஒரு பக்கம் பாவம், இன்னொரு பக்கம் இடிப்பு.

"ரெண்டுல ஒண்ணு சொல்ல மாட்டியா? பேஜாரான ஆளா கீறியே. மூடிவெச்சி இன்னா பண்ணப் போற, பூசையா?" என்று துலுக்காணம் சலித்துக்கொண்டு போனார்.

கனகாம்பாள் அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தரகர் தெருமுனை திரும்பினதும் வந்து பெட்டகத்தின் மூடியைத் தூக்கினாள். மோசஸ் போட்ட புது அடிப்பலகை இன்னும் மர வாசனை வீசியது. மூலையில் கிடந்த நெல் மூட்டையை இழுத்துவந்து அதற்குள் கவிழ்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஆனால் துலுக்காணம் விடவில்லை. அந்தத் தகடு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வந்து இறங்குவார். தெருவிலேயே நின்று குரல் கொடுப்பார்.

"அண்ணாத்தே, பொட்டி இன்னா வெல?"

"தொள்ளாயிரம்" என்பார் துளசிராமன், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே.

"பழசா, புதுசா?"

"வாங்கின வெல அது."

அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. துலுக்காணம் தலையில் அடித்துக்கொண்டு போவார். துளசிராமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செவ்வாப்பேட்டைப் பக்கம் கிளம்புவார். முட்டி வலிக்கிற நாட்களில் ஏறாமல் நடந்தே போவார். ஊர் அவரை இன்னமும் சரியான விலை சொல்கிறவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்.